வரிசை ஸ்லைடா, அம்பு வலையா, சுவர்க் கயிறா, இரு தடமா? ஒரே வரலாற்றுப் பாடம், நான்கு வடிவங்கள்

கோத்தகிரி, கூடலூர் பக்கம் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் பலர் கேட்கிற கேள்வி இது. ஒரு வரலாற்றுப் பாடத்தைக் காலக்கோடு வைத்து, "எதனால் எது நடந்தது" என்ற தொடர்போடு காட்ட வேண்டும். அதை ஸ்லைடில் ஆண்டு வரிசையாகப் போடுவதா, கட்டமும் அம்பும் போட்ட படமாகச் செய்வதா, அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிடுவதா, இல்லை ஒரே ஸ்லைடில் இரண்டு ஊருக்கு இரண்டு கோடு போடுவதா? தயாரிக்கக் கையில் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. "எல்லாமே நல்லதுதான்" என்று சொல்வது அவர்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

பொதுவாகப் பேசினால் இந்த வடிவங்களுக்குள் வித்தியாசம் தெரியாது. அதனால் ஒரே பாடத்தை எடுத்து நான்கிலும் வைத்துப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி: இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் நீலகிரிக்கு ஏன் வந்தார்கள்? கோத்தகிரியிலோ பந்தலூரிலோ வகுப்பறையில் நின்று இதைக் கேட்டால், "எங்க தாத்தா அப்படித்தான் வந்தார்" என்று சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்க வாய்ப்பு அதிகம். வேறொரு காரணமும் உண்டு. காலக்கோடு எங்கெல்லாம் உதவும், எங்கெல்லாம் ஏமாற்றும் என்பது இரண்டும் இந்தப் பாடத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

## முதலில் கதை

வடிவத்துக்குப் போகுமுன் நிகழ்ச்சிகளைச் சொல்லிவிடுகிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இலங்கையின் கண்டி மலைப்பகுதியில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் தமிழர்கள் போனார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் காப்பி இலைத் துரு நோய் இலங்கையில் தலைகாட்டியது. அடுத்த சில பத்தாண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்த கூலிகள் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளில் நிரந்தரமாகத் தங்கியது அதனால்தான்.

1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. வேறு சில தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. இலங்கை 1948 பிப்ரவரியில் விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனோ அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலோரிடம் அப்படி ஒரு காகிதமே கிடையாது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. லட்சக்கணக்கானோர் எந்த நாட்டவரும் இல்லை என்றானார்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பின்னாளில் டான்டீ என்ற கழகம் ஆனது அதுதான். 1983-க்குப் பிறகு வந்தவர்கள் போருக்குத் தப்பி வந்த அகதிகள். அவர்கள் வந்த வழியும் சட்டநிலையும் வேறு.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு கொடுக்கவில்லை. முதல் இரண்டும்தான் எனக்கு முக்கியம். மற்றவை நடைமுறை.

ஒன்று, பாடம் முடிந்ததும் மாணவர் "ஏன்" என்ற கேள்விக்கு ஒரு பத்தி எழுத முடிகிறதா? இரண்டு, நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ள கால இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறதா? மூன்று, 45 நிமிட பீரியடுக்குள் அடங்குமா? நான்கு, மலையின் மழைக்கும் கரண்டு நிற்பதற்கும் தாங்குமா? ஐந்து, தயாரிக்க எவ்வளவு நேரம் ஆகும், அடுத்த ஆண்டும் பயன்படுமா?

| | வரிசை ஸ்லைடு | அம்பு வலை | சுவர்க் கயிறு | இரு தடம் |
|---|---|---|---|---|
| "ஏன்" விளங்குவது | குறைவு | நன்று | மிக நன்று | நன்று |
| இடைவெளி தெரிவது | தவறாகத் தெரியும் | தெரியாது | மிக நன்று | ஓரளவு |
| 45 நிமிடத்தில் | எளிதாக | சிரமம் | இரண்டு பீரியட் வேண்டும் | அடங்கும் |
| கரண்டு இல்லாவிட்டால் | முடியாது | கரும்பலகையில் முடியும் | கவலையில்லை | அச்சிட்டால் முடியும் |
| தயாரிப்பு | ஒரு மணி நேரம் | இரண்டு மணி நேரம் | அரை நாள், பிள்ளைகளோடு | முக்கால் நாள் |

## 1. வரிசை ஸ்லைடு

எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான். படுக்கையாக ஒரு கோடு, அதில் சம தூரத்தில் புள்ளிகள், புள்ளிக்கு மேலே ஆண்டு, கீழே ஒரு வரி. பவர்பாயின்ட்டின் ஸ்மார்ட்ஆர்ட்டில் இதற்கென்றே வார்ப்பு இருக்கிறது, ஆண்டுகளைத் தட்டினால் அதுவே அடுக்கித் தந்துவிடும். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இதன் விலை பிறகுதான் தெரியவரும். முதல் பிரச்சினை அந்தச் சம தூரம். 1869-க்கும் 1948-க்கும் நடுவில் 79 ஆண்டு. 1964-க்கும் 1968-க்கும் நடுவில் 4 ஆண்டு. வார்ப்பு இரண்டையும் ஒரே அளவில் காட்டும். அந்த 79 ஆண்டுக்குள்தான் மூன்று தலைமுறை லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தது. அதைச் சுருக்கிவிட்டால், "வேலைக்குப் போனவங்கதானே, திரும்பி வந்துட்டாங்க" என்று ஒரு மாணவர் சொல்வதில் வியப்பில்லை. 1964 ஒப்பந்தத்தின்படி கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ பேர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. கோடு அதைச் சொல்லவில்லை என்றால் அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, அளவுப்படியே போடலாம் என்றால் இடம் பத்தாது. அகல ஸ்லைடின் நீளம் சுமார் 34 செ.மீ. ஓரம் விட்டால் 30 செ.மீ. 1820 முதல் 1985 வரை 165 ஆண்டுகளை அதில் வைத்தால் ஓர் ஆண்டுக்கு 2 மி.மீ. கூட வராது. 1964-க்கும் 1968-க்கும் நடுவில் 7 மி.மீ. தமிழில் நாலு சொல் எழுத அது போதாது. எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

இரண்டாவது பிரச்சினை இதைவிடப் பெரியது. வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று காரணமாகத் தெரியும். 1964 அக்டோபரில் ஒப்பந்தம், டிசம்பரில் புயல், அப்புறம் கப்பலில் மக்கள். "புயலடிச்சதாலதானே டீச்சர் அவங்க இங்க வந்தாங்க?" இந்தக் கேள்வி வராத வகுப்பு இருந்தால் ஆச்சரியம். புயலுக்கும் ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. தனுஷ்கோடித் துறை அழிந்ததால் தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் ராமேஸ்வரத்தில் நிற்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். புயல் மாற்றியது வந்த வழியை. வந்த காரணம் வேறு.

இந்த வடிவத்தை எப்போது எடுக்கலாம்? ஆறாம், ஏழாம் வகுப்பில் வரிசையை மட்டும் மனதில் பதிக்க வேண்டும் என்றால் போதும். தேர்வுக்கு முன் ஒரு பீரியடில் ஓட்டிப் பார்ப்பதற்கும் நல்லது. "காரணம்" என்ற சொல் பாடத்தின் தலைப்பிலேயே இருந்தால் இதைத் தொடாதீர்கள்.

## 2. அம்பு வலை

இங்கே கோடு கிடையாது. நடுவில் விளைவு: "நீலகிரியில் குடியேற்றம்." அதைச் சுற்றிக் கட்டங்கள், கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புகள். பத்தி எழுதும் திறன் இதில் வேகமாக வளர்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு அம்பும் ஒரு வாக்கியம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆண்டுகள் கட்டத்துக்குள் சிறிய எழுத்தில் ஒடுங்கிவிடுவதால் முன்பின் குழம்பும். 1867-உம் 1869-உம் இங்கே நல்ல எடுத்துக்காட்டு. "இலைத் துரு நோய் → தேயிலை" என்று ஒரே அம்பு போட்டால், நோய் வந்த பிறகுதான் தேயிலையே வந்தது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். உண்மையில் தேயிலை இரண்டு ஆண்டு முந்தியே மண்ணில் ஊன்றிவிட்டது. டெய்லரின் சோதனை வழியைத் திறந்து வைத்தது, நோய் எல்லோரையும் அந்த வழியில் தள்ளியது. வலையில் இதற்கு இரண்டு அம்பு வேண்டும். இரண்டும் "தேயிலை பரவுதல்" என்ற மூன்றாவது கட்டத்தில் வந்து சேர வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு கட்டங்களின் எண்ணிக்கை. ஏழு கட்டம் வரை திரையில் படிக்க முடியும். பத்தைத் தாண்டினால் அம்புகள் ஒன்றையொன்று வெட்டும், பின் பெஞ்சுக்கு எதுவும் தெரியாது. தயாரிக்கும்போது சாதாரண அம்புக்கோடு வரையாதீர்கள். பவர்பாயின்ட், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் கனெக்டர் என்று ஒரு வகைக் கோடு உண்டு. அதன் முனையைக் கட்டத்தின் ஓரப் புள்ளியில் ஒட்டிவிட்டால், கட்டத்தை நகர்த்தும்போது அம்பும் கூடவே வரும். ஒரு கட்டத்தை இரண்டு செ.மீ. தள்ளிவைத்ததற்காக ஒன்பது அம்பைத் திரும்ப வரைய வேண்டியிருக்காது.

கரண்டு போனால் இதைக் கரும்பலகையில் அப்படியே வரையலாம். ஊட்டி மழைக்கு அது சின்ன விஷயமில்லை.

## 3. சுவர்க் கயிறு

வகுப்பறைச் சுவரின் நீளத்துக்கு ஒரு சணல் கயிறு. அதில் ஆண்டு அட்டைகளைத் துணிக் கிளிப்பால் மாட்ட வேண்டும். காரணம் உள்ள இடத்தில் ஓர் அட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பளி நூல். கேட்டால் பழைய முறை மாதிரி இருக்கும். என் கணக்கில் இந்தப் பாடத்துக்கு நான்கில் சிறந்தது இதுதான், நேரம் இருந்தால்.

அளவு இப்படி: ஓர் ஆண்டுக்கு 3 செ.மீ. 165 ஆண்டுக்கு 4 மீட்டர் 95 செ.மீ. அஞ்சு மீட்டர் சுவர் இருந்தால் போதும். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஓர் அட்டை 10.5 செ.மீ. அகலம் வரும், நெட்டுவாக்கில் மாட்டுங்கள். 1964-க்கும் 1968-க்கும் நடுவில் 12 செ.மீ. இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். 1867, 1869 போல நெருங்கி வருபவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டலாம். 1869-க்கும் 1947-க்கும் நடுவில் இரண்டேகால் மீட்டருக்கு ஒட்டி வெறும் கயிறு தொங்கும். அதை நிரப்பாதீர்கள். அந்த வெற்றுக் கயிற்றின் முன்னால் ஒரு மாணவியை நிறுத்தி, "இந்த இடத்துல எத்தனை தாத்தா பாட்டி பிறந்திருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். 25 ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்தால் 75 செ.மீ. ஒரு தலைமுறை. அவர்களே கையை விரித்து அளந்துவிடுவார்கள்.

நூலுக்கு இரண்டு நிறம் போதும். சிவப்பு, நேரடியாகத் தூண்டியது. பச்சை, வழியைத் திறந்து வைத்தது. 1948 சட்டத்திலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குச் சிவப்பு. 1867-இலிருந்து "தேயிலை பரவுதல்" அட்டைக்குப் பச்சை, 1869-இலிருந்து அதே அட்டைக்குச் சிவப்பு. நூலை மாட்டுமுன் அந்தக் குழு வகுப்புக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், வகுப்பு ஒத்துக்கொண்டால்தான் மாட்டலாம். புயல் அட்டையிலிருந்து நூல் இழுக்க ஒரு குழு கட்டாயம் வரும். அப்போது அட்டையைக் கையால் மறைத்து, "புயலே அடிக்கலைன்னா அவங்க வந்திருப்பாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்டால் போதும். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதே, வந்திருப்பார்கள் என்று அவர்களே சொல்வார்கள். நூல் கீழே இறங்கும்.

இப்போது செலவு. இரண்டு பீரியட் வேண்டும், ஒன்று அட்டை எழுத, ஒன்று நூல் மாட்ட. அடுத்தடுத்த பீரியடாகக் கிடைத்தால் நல்லது. அதே அறையில் அடுத்த வகுப்பு வந்தால் கயிறு தாங்காது. ஜூன், ஜூலையில் கூடலூர்ப் பக்கம் சுவரே வியர்க்கும், செல்லோடேப் பிடிக்காது, ஸ்கெட்ச் பேனா மை ஊறிப் பரவும். கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, அட்டையைப் பால்பாயின்ட் பேனாவாலோ கிரேயானாலோ எழுதச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டும் சார்ட்டைவிட இந்தத் தொங்கும் அட்டை மழைக்காலத்தில் அதிக நாள் இருக்கும்.

பேசப்படாத இன்னொரு செலவும் உண்டு. கயிறு வந்தவுடன் வீட்டுக் கதையும் வந்து சேரும். "எங்க பாட்டி வந்த வருஷத்தையும் மாட்டலாமா சார்?" மாட்டலாம், அது அருமையான அட்டை. பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆண்டைச் சரியாகக் கொண்டுவரும் பிள்ளையும் இருக்கும். ஆனால் பெயர் எழுத வேண்டாம், ஆண்டு மட்டும் போதும். அதுவும் விருப்பப்பட்டவர்கள் மட்டும். "சிலோன்காரங்க" என்று வகுப்பில் கிண்டல் கேட்ட பிள்ளை கைதூக்க யோசிக்கும், அதை வற்புறுத்தி வெளியே இழுக்கக் கூடாது. 1983-க்குப் பிறகு வந்த குடும்பமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, அந்தக் கதையில் இழப்பு இருக்கும். சுவரில் தொங்குவதைப் பள்ளி முழுவதும் படிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## 4. இரு தட ஸ்லைடு

முதல் மூன்றிலும் ஒரு குறை பொதுவாக இருக்கிறது. எல்லாமே இலங்கையில் நடந்ததைச் சொல்கின்றன. "ஏன் வந்தார்கள்" என்பதற்கு அது பதில். "ஏன் *இங்கே* வந்தார்கள்" என்பதற்கு நீலகிரியில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

அதனால் ஒரே ஸ்லைடில் இரண்டு படுக்கைக் கோடு. மேலே இலங்கை, கீழே நீலகிரி. கீழ்த்தடத்தில் அதிகம் வேண்டாம். 1819, கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது. 1850-களின் இறுதியில் வணிக அளவில் தேயிலைத் தோட்டங்கள். பிறகு நேராக 1968. இரண்டு தடமும் 1968-இல் ஒன்று சேரும்: மேலிருந்து தேயிலை வேலை தெரிந்த, வேலை தேடும் குடும்பங்கள், கீழிருந்து தேயிலைக்கு ஏற்ற மண்ணும் அரசு வசமிருந்த நிலமும். அந்தச் சந்திப்புப் புள்ளியைப் பார்த்தவுடனே "இங்கே" என்ற சொல்லுக்கு விடை கிடைத்துவிடும்.

மலை ரயிலைப் போட மாட்டீர்களா என்று கேட்பார்கள். 1899-இல் குன்னூர், 1908-இல் ஊட்டி. நீலகிரியில் எந்த வரலாற்று சார்ட்டானாலும் அந்த ரயில் ஏறிவிடும், நமக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். இந்தப் பாடத்தில் அதிலிருந்து எந்த அம்பும் கிளம்பவில்லை. வேறு பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அளவுப் பிரச்சினைக்கு இங்கே பாதி தீர்வுதான் உண்டு. கோட்டை இரண்டு துண்டாக்குங்கள். 1819–1900 ஒரு ஸ்லைடு, 1925–1985 அடுத்தது. இரண்டாவதில் 60 ஆண்டுக்கு 30 செ.மீ., அதாவது ஆண்டுக்கு 5 மி.மீ. 1964-க்கும் 1968-க்கும் நடுவே 2 செ.மீ. கிடைக்கும். ஒன்று மேல்தடத்திலும் மற்றது கீழ்த்தடத்திலும் இருப்பதால் எழுத்து மோதாது. ஒப்பந்தமும் புயலும் மட்டும் ஒரே இடத்தில் விழும், புயலைக் கோட்டுக்கு மறுபுறம் வையுங்கள். முதல் துண்டு முடியும் இடத்தில் வளைந்து நெளிந்த ஒரு கோடு போட்டு, "இங்கே 25 ஆண்டு வெட்டப்பட்டிருக்கிறது" என்று எழுதிவிடுங்கள்.

எட்டு ஸ்லைடு போதும். முதலாவதில் கேள்வியும் வெறும் தடமும். பிறகு காப்பி, தேயிலை, நீலகிரித் தோட்டங்கள், 1947–48, 1964, 1968 என்று ஒவ்வொன்றாகக் கூடும். ஒப்பந்தமும் புயலும் வரும் ஸ்லைடில் அம்பு எதுவும் வேண்டாம். அங்கே நிறுத்திக் கேளுங்கள், எது காரணம் என்று. ஐந்து நிமிடம் அதிலேயே போகட்டும். எட்டாவது ஸ்லைடில் எல்லா நிகழ்ச்சியும் இருக்கும், அம்புகள் மட்டும் இருக்காது. அதை அச்சிட்டு இருவருக்கு ஒன்றாகக் கொடுத்தால் அம்பு வரைவது அவர்கள் வேலை.

இதன் செலவு தயாரிப்பு நேரம்தான், முக்கால் நாள் போகும். அப்புறம், அந்த உழைப்பு பள்ளிக் கணினியில் திறக்கும்போது வீணாகாமல் இருக்க இரண்டு விஷயம். தமிழை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குறிகளாகக் கொட்டும். இரண்டாவது, அனிமேஷன் போடாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் முந்தைய ஸ்லைடை நகலெடுத்து, அதில் ஒரு கட்டத்தைக் கூட்டுங்கள். அப்போதுதான் பி.டி.எஃப். ஆக மாற்றினாலும் படிப்படியாகத் திறக்கும், அனிமேஷன் என்றால் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்துவிடும். ஹைடெக் லேபில் எந்த மென்பொருள் இருந்தாலும் பி.டி.எஃப். திறக்கும். எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. திரை இல்லாத ஜன்னலில் வெயில் அடித்தால் 24-உம் மங்கும். மஞ்சு இறங்கிய நாளில் புரொஜெக்டர் பளிச்சென்று இருக்கும், அது நமக்குக் கிடைத்த சலுகை.

## எந்த வடிவமானாலும், அம்பின் மேல் ஒரு வினைச்சொல்

வெறும் அம்பு எதையும் சொல்வதில்லை. "1948 → 1964" என்று போட்டால் அது வரிசையா காரணமா என்று தெரியாது. அம்பின் மேல் ஒரு வினை எழுத வைத்தால் தப்பான அம்பு தானாக அம்பலமாகும். நான் பயன்படுத்துபவை நான்கு: *தூண்டியது, வழிவிட்டது, விரைவாக்கியது, மாற்றியது.*

இந்தப் பாடத்தில் வைத்துப் பாருங்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு என்பது நிரந்தரக் குடியிருப்பைத் *தூண்டியது*. 1947 தேர்தல் முடிவு 1948 சட்டத்தை *விரைவாக்கியது*. இதில் "தூண்டியது" என்று ஒரு மாணவர் எழுதினால் தப்பென்று கோடிடத் தேவையில்லை, வாதிடச் சொல்லுங்கள். இந்தியத் தொழிலாளர்மீது எதிர்ப்பு அதற்கு முந்தியே இருந்தது, தேர்தல் அதற்குக் கணக்குக் காட்டியது. 1948 சட்டம் 1964 ஒப்பந்தத்தைத் *தூண்டியது*, ஆனால் 16 ஆண்டு கழித்து. நடுவில் ஏன் இவ்வளவு காலம்? அந்த மக்களை இரு நாடுகளும் தங்களவர் என்று ஏற்கத் தயங்கியதுதான் விடை. புயல் வந்த வழியை *மாற்றியது*. 1964 ஒப்பந்தம் 1968 திட்டத்தைத் *தூண்டியது*, நீலகிரியின் பழைய தேயிலை அதற்கு *வழிவிட்டது*.

1869-இலிருந்து 1968-க்கு நேராக ஓர் அம்பு போடலாமா என்றும் கேட்பார்கள். "இலை நோய் வராவிட்டால் டான்டீ இல்லை" என்று சொல்வது சுவாரசியமாகத்தான் இருக்கும். அனுமதிக்காதீர்கள். நடுவில் மனிதர்கள் எடுத்த முடிவுகள் மூன்று நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு மாதிரி போயிருக்கலாம். நீளமான அம்பு அந்த முடிவுகளையும், முடிவெடுத்தவர்களின் பொறுப்பையும் விழுங்கிவிடும்.

## அப்படியானால் எது?

உங்களிடம் ஒரே ஒரு பீரியட், புரொஜெக்டர் உண்டு, ஒன்பது அல்லது பத்தாம் வகுப்பு என்றால் இரு தடம். அச்சிட்ட எட்டாவது ஸ்லைடு பையில் இருக்கட்டும், கரண்டு போனால் அதை வைத்தே நடத்தலாம்.

இரண்டு பீரியடும் உங்கள் வகுப்புக்கென்று ஒரு சுவரும் இருந்தால் கயிறு. வகுப்பில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய இருந்தால் கயிற்றுக்கு இன்னும் மவுசு கூடும், அவர்கள் வீட்டில் விசாரித்துக்கொண்டு வருவது எந்த ஸ்லைடிலும் கிடைக்காது. அதே நேரம், வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளை ஒருவர்தான் என்றால் கயிற்றை விட்டுவிடுங்கள். முப்பது ஜோடிக் கண்கள் அந்த ஒருவர்மேல் திரும்பும். அங்கேயும் இரு தடமே நல்லது.

மேல்நிலை வகுப்புக்கு அம்பு வலை, அதுவும் ஸ்லைடில் வேண்டாம், கரும்பலகையில் அவர்களே வரையட்டும். வரிசை ஸ்லைடை ஏற்கெனவே செய்து வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதிலிருக்கும் ஆண்டுகளைத் தனித்தனியாக அச்சிட்டு வெட்டினால் கயிற்றுக்கான அட்டை பாதி தயார். சம தூரத்தில் மாட்டிவிடாதீர்கள், அளவுகோலைக் கையில் எடுங்கள்.